சம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் கணக்கு: விடை தப்பினால் எங்கே பார்ப்பது

தொட்டியிலிருந்து நீரை இறைக்கும் வேலையைத் தொகையிட்டுக் கண்டுபிடிக்கும் கணக்கில், தொகையிடும் படியில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. வருவது பெரும்பாலும் ஓர் எளிய பல்லுறுப்புக் கோவைதான். தவறு அதற்கு முன்பே, கணக்கை அமைக்கும்போதே நடந்துவிடுகிறது. நல்ல வேளையாக, ஒவ்வொரு தவறும் விடையில் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும். அந்த அடையாளத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் பழுது இருக்கும் வரி கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரியிலோ மாதவரத்திலோ ஒரு மாடி வீடு. தரைக்குக் கீழே ஒரு சம்ப்: நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 2 மீட்டர். சம்பின் மேல்விளிம்பு தரைமட்டத்தில் இருக்கிறது. கொள்ளளவு 12 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று முழுதாகக் கொட்டிவிட்டுப் போகும் அளவு. மொட்டைமாடித் தொட்டிக்குள் குழாயின் வாய் திறப்பது தரையிலிருந்து 11 மீட்டர் உயரத்தில். சம்ப் நிறையத் தண்ணீர். எல்லாவற்றையும் மேலே ஏற்ற எவ்வளவு வேலை செய்ய வேண்டும்?

தரைமட்டத்தைச் சுழியாக வைத்து, கீழ்நோக்கி ஆழத்தை y என்று அளப்போம். y ஆழத்தில் dy கனமுள்ள ஓர் அடுக்கின் கன அளவு 6 dy. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 × 9.8, அதாவது 9800 நியூட்டன். ஆகவே அடுக்கின் எடை 9800 × 6 dy, அதாவது 58,800 dy நியூட்டன். அந்த அடுக்கு ஏற வேண்டிய உயரம் 11 + y.

```
W = ∫ 58800 (11 + y) dy,   y = 0 → 2
  = 58800 (22 + 2) = 1411200 J
```

14,11,200 ஜூல். இதுதான் சரியான விடை. இனி, உங்கள் தாளில் வேறு எண் இருந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

அறிகுறி: விடை நம்பவே முடியாத அளவுக்குச் சிறியது, அல்லது பெரியது

தொகையீட்டைத் தொடுவதற்கு முன்பே விடைக்கு ஒரு வேலி போட்டுவிடலாம். சம்பில் உள்ள மொத்த நீரின் எடை 1,17,600 நியூட்டன். எந்தத் துளியும் 11 மீட்டருக்குக் குறைவாக ஏறாது, 13 மீட்டருக்கு மேல் ஏறாது. ஆகவே விடை 12,93,600-க்கும் 15,28,800-க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். வெளியே போயிருந்தால், எத்தனை மடங்கு தள்ளிப் போயிருக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். அந்த ஈவு பழுதின் பெயரைச் சொல்லிவிடும்.

1,44,000 என்று வந்திருக்கிறதா? சரியான விடையை 9.8-ஆல் வகுத்தது அது. அடர்த்தி 1000-ஐப் போட்டுவிட்டு g-யை விட்டுவிட்டீர்கள். கையில் இருப்பது நிறை, விசை அல்ல. விடை 9.8 மடங்கு பெரிதாக வந்தால் g இரண்டு முறை நுழைந்திருக்கிறது. அமெரிக்கப் பாடநூல்களில் அடி, பவுண்டு அலகில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதே நோய் வேறு உருவில் வரும். அங்கே நீருக்குக் கொடுக்கப்படும் 62.4 என்பது ஒரு கன அடியின் எடையே. அதை மறுபடி 32-ஆல் பெருக்கினால் விடை 32 மடங்கு ஊதிப்போகும். ஆயிரம் மடங்கு தப்பினால் லிட்டரும் கன மீட்டரும் கலந்துவிட்டன என்று பொருள்.

1,17,600 ஜூல் என்று வந்திருந்தால் அது வேறு வகை. அடுக்கு ஏறும் உயரத்தை வெறும் y என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் தரைமட்டத்தோடு நின்றுவிட்டது, மொட்டைமாடிக்குப் போகவில்லை. கேள்வியில் "தொட்டியின் விளிம்புவரை" என்று இருக்கிறதா, "விளிம்புக்கு மேல் இத்தனை மீட்டர்" என்று இருக்கிறதா என்பதைத் திரும்பப் படியுங்கள்.

கடல்நீராக இருந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1025 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலைக்குள் வரும் நீருக்கு அது பொருந்தும், வெளியே போகும் குடிநீருக்குப் பொருந்தாது. விடையில் இரண்டரை சதவீதம்தான் கூடும் என்பதால் இந்தத் தவறு வேலிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

அறிகுறி: விடை சரியாக 15,28,800

இது வேலியின் மேல்எல்லையே. மொத்த எடையை 13 மீட்டரால் பெருக்கியிருக்கிறீர்கள். கவனக்குறைவால் இப்படிச் செய்கிறவர்களும் உண்டு, யோசித்துச் செய்கிறவர்களும் உண்டு. யோசித்துச் செய்கிறவர்களின் கேள்வி நியாயமானது: "சார், ஃபுட் வால்வ் சம்ப்போட அடியிலதானே இருக்கு? எல்லாத் தண்ணியும் அங்கேயிருந்துதானே குழாய்க்குள்ள போகுது? அப்போ எல்லாமே 13 மீட்டர்தானே ஏறணும்?"

பல பாடநூல்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. அடுக்கை அப்படியே தகடு போலத் தூக்கி மேலே வைப்பதாகப் படம் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. எந்த மோட்டாரும் மேல் அடுக்கை முதலில் தூக்குவதில்லை, எனவே மாணவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாயை நிறைந்த சம்பில் அடிவரை இறக்குங்கள். மோட்டார் எதுவும் இல்லாமலே குழாய்க்குள் நீர், வெளியே உள்ள நீரின் மட்டம்வரை ஏறி நின்றுவிடும். அடியில் நுழைந்த நீரை அதற்கு மேலுள்ள 2 மீட்டர் நீர் தன் அழுத்தத்தால் தள்ளி ஏற்றிவிட்டது. மோட்டார் தன் பங்குக்குத் தூக்க வேண்டியது, சம்பில் அந்த நேரத்து நீர்மட்டத்திலிருந்து குழாயின் வாய் வரைதான். சம்ப் நிறைந்திருக்கும்போது அது 11 மீட்டர். மட்டம் ஒரு மீட்டர் இறங்கியதும் 12. கடைசித் துளிகளுக்கு 13.

இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். அடியிலிருந்து கொஞ்சம் நீர் வெளியேறியதும் மேலே உள்ளது முழுவதும் கொஞ்சம் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்புகிறது. இறுதிக் கணக்கில் சம்பில் காணாமல் போயிருப்பது மேல்மட்டத்தில் இருந்த ஒரு மெல்லிய அடுக்குதான். எனவே தொகையீட்டில் வரும் அடுக்கை "மட்டம் dy இறங்கும்போது வெளியேறும் நீர்" என்று படித்தால் பாடநூல் படமும் வீட்டு மோட்டாரும் ஒரே விடைக்கு வந்து சேரும். நீர் கீழே போய்த் திரும்பி மேலே வரும் பாதையின் நீளம் இதில் எங்கும் வராது.

மாறும் விசை செய்யும் வேலை என்ற தலைப்பின் கீழ் இந்தக் கணக்கு ஏன் வருகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். மோட்டாருக்கு எதிரே நிற்கும் உயரம் 11-லிருந்து 13 வரை ஏறிக்கொண்டே போகிறது. மட்டம் இறங்க இறங்க மாடித் தொட்டியில் விழும் நீரின் வேகம் மெல்லக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். குழாய், மாடித் தொட்டியின் விளிம்பைத் தாண்டி மேலேயிருந்து கொட்டாமல் அடிப்பக்கமாக உள்ளே நுழைந்தால், வாய் என்று ஒரு நிலையான உயரம் இல்லை. மேல் தொட்டியின் நீர்மட்டமும் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது சம்பு நீரின் நிறை மையத்திலிருந்து மேல் தொட்டியில் சேர்ந்த நீரின் நிறை மையம்வரை உள்ள உயரத்தை எடுத்தால் போதும்.

அறிகுறி: நிறைந்த தொட்டிக்குச் சரியாக வருகிறது, பாதித் தொட்டிக்குத் தப்புகிறது

என் கணிப்பில் இதுதான் மிக மோசமான பழுது. காரணம், வெகுநேரம் வெளியே தெரியாமல் இருக்கும்.

சம்பில் பாதி, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு மட்டும் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விடை 6,76,200. முழுச் சம்பின் விடையில் சரிபாதி 7,05,600. உங்கள் விடை அதைவிடக் குறைவு. இங்கேயே நின்று யோசிக்க வேண்டும். பாதிச் சம்பில் இருக்கும் தண்ணீர் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கீழே இருப்பதைத் தூக்க அதிக வேலை வேண்டும். ஆகவே விடை சரிபாதியைவிட அதிகமாக வந்தாக வேண்டும். குறைவாக வந்தால், நீங்கள் கணக்கில் இறைத்தது இல்லாத மேல்பாதி நீரை.

```
58800 ∫ (11 + y) dy,   y = 1 → 2   : 735000 J
58800 ∫ (11 + y) dy,   y = 0 → 1   : 676200 J
```

முதல் வரிதான் சரி. y மேலிருந்து கீழாக அளக்கப்படுகிறது, நீர் 1 முதல் 2 வரை இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 14,11,200 வருவதையும் பாருங்கள்.

சிலர் எல்லைகளைச் சரியாகப் போட்டிருப்பதாகச் சாதிப்பார்கள். "நான் அடியிலிருந்து அளந்தேன், நீர் 0 முதல் 1 வரைதானே இருக்கிறது?" அதுவும் சரிதான். ஆனால் அடியிலிருந்து z என்று அளந்தால் அடுக்கு ஏறும் உயரம் 13 − z ஆகிவிடும். எல்லையை அடியிலிருந்தும் உயரத்தை மேலிருந்தும் எழுதினால் இரண்டு வீட்டுச் சாவி ஒரே வளையத்தில் மாட்டிய கதைதான், எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியாது. சுழி எங்கே என்பதை முதல் வரியில் எழுதுங்கள். எல்லை, உயரம், பரப்பு மூன்றையும் அந்த ஒரே சுழியிலிருந்து எழுதுங்கள்.

இந்தக் கலப்படம் நிறைந்த சம்பில் ஏன் பிடிபடுவதில்லை? 11 + z என்று தவறாக எழுதி 0 முதல் 2 வரை தொகையிட்டுப் பாருங்கள். அதே 14,11,200 வரும்! செவ்வகப் பெட்டி மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதால், தலைகீழாக அளந்தாலும் சராசரி உயரம் 12 மீட்டரே. எனவே நிறைந்த பெட்டியில் சரியான விடை வந்துவிட்டது என்பதை வைத்து அமைப்பு சரி என்று முடிவு செய்யக் கூடாது. ஆசிரியர்களும் முதல் பயிற்சியாகப் பாதித் தொட்டியைக் கொடுத்தால் நல்லது.

அறிகுறி: கூம்புத் தொட்டியில் மட்டும் தப்புகிறது

இப்போது அகலமான வாய் மேலேயும் கூர்முனை கீழேயும் உள்ள கூம்பு ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளில் அடிப்பகுதி இப்படிச் சரிந்து குறுகியிருப்பதைப் பார்க்கலாம். ஆழம் 3 மீட்டர், மேல்விளிம்பில் ஆரம் 1.5 மீட்டர், நிறைய நீர். விளிம்புக்கு ஒரு மீட்டர் மேலே ஏற்ற வேண்டும்.

முனையைச் சுழியாக வைத்து மேல்நோக்கி z அளப்போம். ஒத்த முக்கோணங்களின்படி z உயரத்தில் ஆரம் z/2. அடுக்கு ஏற வேண்டியது 4 − z.

```
W = 9800 ∫ π (z/2)² (4 − z) dz,   z = 0 → 3
  = 38587.5 π ≈ 121226 J
```

இங்கே தப்பினால் முதலில் உயரத்தையும் 9800-ஐயும் மூடி மறைத்துவிட்டு, பரப்பை மட்டும் தொகையிடுங்கள். தொட்டியின் கன அளவு வர வேண்டும். கூம்புக்கு அது 2.25π, ஏறக்குறைய 7.07 கன மீட்டர். 6.75π வந்தால், சரியாக மூன்று மடங்கு, ஆரத்தை 1.5 என்றே நிலையாக வைத்து உருளையைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். பதினாறு மடங்கு வந்தால் ஒத்த முக்கோண விகிதத்தைத் தலைகீழாகப் போட்டு ஆரத்தை 2z என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரம் நான்கு மடங்காகி, வர்க்கம் பதினாறாகிவிட்டது. உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்த மடங்குகள் குழம்பிவிடும், அதனால்தான் மறைக்கச் சொல்கிறேன்.

கன அளவு சரியாக வந்தும் விடை தப்பென்றால் பழுது உயரத்தில் இருக்கிறது. முனையிலிருந்து z அளந்துவிட்டு உயரத்தை 1 + z என்று எழுதியவருக்கு 71,662.5π, ஏறக்குறைய 2,25,134 ஜூல் வரும். வேலி இதைப் பிடிக்காது. நீரின் எடை 22,050π நியூட்டன், விடையை அதால் வகுத்தால் சராசரியாக ஏறிய உயரம் 3.25 மீட்டர், ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கூம்பை ஒரு தரம் பாருங்கள். நீரில் பெரும்பகுதி அகலமான மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. சராசரி உயரம் நடுப்புள்ளிக்கான 2.5 மீட்டரைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். நிறைந்த கூம்பின் நிறை மையம் முனையிலிருந்து நான்கில் மூன்று பங்கு உயரத்தில், அதாவது 2.25 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து 4 மீட்டர் வரை 1.75. அதை எடையால் பெருக்கினால் 38,587.5π, தொகையீட்டில் வந்த அதே விடை.

இந்த நிறை மையச் சோதனை எந்த வடிவத் தொட்டிக்கும் செல்லும். படுக்கவைத்த உருளைத் தொட்டி நிறைந்திருந்தால் மையம் நடுவில்தான் இருக்கும் என்பதால், வர்க்கமூலம் வரும் அந்தத் தொகையீட்டைச் செய்யாமலே விடையைச் சொல்லிவிடலாம். பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் மையம் எங்கே என்று கண்டுபிடிக்கவே தொகையிட வேண்டிவரும், அங்கே இது குறுக்குவழியாக இருக்காது.

அறிகுறி: விடையின் அலகு ஜூலாக வரவில்லை

கிணற்றில் வாளி இழுக்கும் கணக்கும் தொட்டிக் கணக்கும் அடுத்தடுத்து வருவதால் வரும் கோளாறு இது. 8 மீட்டர் ஆழக் கிணறு, தண்ணீரோடு 10 கிலோ வாளி, மீட்டருக்கு அரை கிலோ எடையுள்ள கயிறு. வாளி x மீட்டர் ஏறிய பிறகு தொங்கும் கயிறு 8 − x மீட்டர். கை இழுக்கும் விசை அதற்கேற்பக் குறைந்துகொண்டே வருகிறது.

```
W = 9.8 ∫ (10 + 0.5 (8 − x)) dx,   x = 0 → 8
  = 940.8 J
```

இங்கே துண்டு போட்டது பாதையை. ஒவ்வொரு துண்டுப் பாதையிலும் dx தூரம்தான் நகர்கிறது, விசைதான் மாறுகிறது. சம்பில் துண்டு போட்டது நீரை. ஒவ்வொரு துண்டின் எடையும் மாறாதது, அது போகும் தூரம்தான் அடுக்குக்கு அடுக்கு வேறுபடுகிறது. ஆகவே பாதையை வெட்டினால் dx தூரத்துக்குள் போகும், பொருளை வெட்டினால் dy எடைக்குள் போகும். இரண்டையும் கலந்து, மாறும் விசையை மறுபடி ஒரு தூரத்தால் பெருக்கி அதன் பிறகு dx-ஐயும் போட்டால் தூரம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். அலகு எழுதிப் பார்த்தால் ஜூலோடு ஒரு மீட்டர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டதும் தொகையீட்டைத் திருத்த வேண்டாம், எதை வெட்டினேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கயிற்றையே துண்டு போட்டும் இதைச் செய்யலாம். s ஆழத்தில் உள்ள துண்டு s மீட்டர் ஏறும்: கயிற்றுக்கு 156.8, வாளிக்கு 784, கூட்டினால் அதே 940.8. உங்களுக்கு 1,097.6 வந்திருந்தால் கயிறு முழுவதையும் 8 மீட்டர் தூக்கியிருக்கிறீர்கள். மேல்முனை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அறிகுறி: கணக்கு சரி, கரண்ட் மீட்டர் ஒத்துவரவில்லை

ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல். சம்புக் கணக்கின் 14,11,200 ஜூல் என்பது 0.392 யூனிட். வீட்டு மீட்டரில் ஒரு சம்ப் ஏற்றி முடிப்பதற்குள் அதைவிட நிறைய ஓடியிருக்கும். தொகையீடு சொல்வது நீரின் உயரத்தை மாற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை மட்டுமே. மோட்டாரின் வெப்பம், பம்புக்குள் இழப்பு, குழாயின் உராய்வு, ஒவ்வொரு எல்போவிலும் நீர் திரும்புவது, வாயிலிருந்து வேகத்தோடு வெளியேறுவது எல்லாம் அதற்கு மேல். எல்லாம் சேர்ந்து 40 சதவீதத் திறன் என்று வைத்தால் 0.392-ஐ 0.4-ஆல் வகுத்து 0.98 யூனிட் வரும். பாதையின் நீளம், அடியில் கீழே போய் மேலே வரும் வளைவு என்று முன்பு கணக்கில் வராது என்று ஒதுக்கியவை எல்லாம் இந்த உராய்வுக் கணக்கில்தான் உள்ளே வரும். மீட்டர் இரண்டு மூன்று யூனிட் காட்டினால் தாளை விட்டுவிட்டு ஃபுட் வால்வையும் குழாயின் அடைப்பையும் பாருங்கள்.